முகாமில் இடைவேளை: எல்லோருக்கும் ஒரே நேரமா, ஆள் மாற்றியா?

கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் ஒருநாள் மருத்துவ முகாம் என்று வையுங்கள். பதிவில் இருவர், ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க நான்கு செவிலியர், ஆலோசனையில் இருவர். ஒருவருக்கு ஆறு நிமிடம் என்றால் பரிசோதனையில் மணிக்கு 40 பேர்.

ஒரு மணிக்கு எல்லோரும் சேர்ந்து அரை மணி நேரம் சாப்பிடப் போனால் கணக்கு எளிது, மாற்று ஆளும் வேண்டாம். ஆனால் அந்த அரை மணியில் 20 பேர் தேங்குவார்கள். மணிக்கு 40 பேர் வந்துகொண்டே இருந்தால் அந்த வரிசை மாலைவரை கரையாது. அவசரத்தில் முதலில் அடிபடுவது, அழுத்தம் பார்க்கும் முன் தரவேண்டிய ஐந்து நிமிட ஓய்வுதான். மேடேறி வந்தவருக்கு உடனே பட்டை கட்டினால் அளவு கூடுதலாகவே காட்டும். ஆலோசனை மேசையில் வீண் கூட்டம் சேரும்.

ஆள் மாற்றும் முறைக்குக் கூடுதலாக ஒரு செவிலியர் வேண்டும். 11:30க்குத் தொடங்கி ஆளுக்கு இருபது நிமிடம் விட்டால் 12:50க்குள் நால்வரும் சாப்பிட்டுவிடுவார்கள், வேகம் குறையாது. பதிவிலும் ஆலோசனையிலும் ஒருவர் போக மற்றவர் இருக்கட்டும். ஆலோசனைக்குப் பயிற்சியில்லாதவரை உட்காரவைக்கக் கூடாது.

ஐந்தாவது செவிலியர் கிடைத்தால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். கிடைக்காவிட்டால் ஒரு மணிக்கு எல்லோரும் சேர்ந்தே சாப்பிடப் போங்கள், ஆனால் 12:30க்கே டோக்கன் கொடுப்பதை நிறுத்துங்கள்.