சாயப்பட்டறையில் ஹைட்ரோமீட்டர்: உப்புத் தண்ணீரை அளந்த அனுபவம்

திருப்பூரில் பின்னலாடைத் துணிக்குச் சாயம் ஏற்றும் பட்டறை ஒன்றின் ஆய்வகப் பொறுப்பில் இருக்கிறேன். சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்காத பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரிலிருந்து தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துவது இங்கே நடைமுறையாகிவிட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் மீட்ட உப்புத் தண்ணீரை நாங்கள் பிரைன் என்போம். சாயம் துணியில் ஏறுவதற்காக மூட்டை உப்பை எடை போட்டுத் தொட்டியில் கொட்டிய காலத்தில் செறிவைப் பற்றிக் கேள்வியே எழுந்ததில்லை. தொட்டியில் வந்து நிற்கும் பிரைனில் ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு இருக்கிறது என்பதோ ஒவ்வொரு லோடுக்கும் மாறுகிறது, அதை அளந்தால்தான் தெரியும். இந்த ஒரு வேலைக்காகப் பல ஆண்டுகளாகக் கையாண்டு வரும், திரவத்தில் மிதக்கவிட்டு அதன் அடர்த்தியைத் தண்டில் படிக்கும் கண்ணாடி ஹைட்ரோமீட்டரையும், அதற்கு நாங்களே வரைந்துகொண்ட அளவீட்டு வரைபடத்தையும் பற்றியதே இந்தப் பதிவு.

முதலில் எதை வாங்குவது என்பது. கடையில் கேட்டால் பெரும்பாலும் 1.000 முதல் 2.000 வரை அளக்கும் ஹைட்ரோமீட்டரையோ, அடர்த்தியைப் பாமே என்ற வேறொரு அளவில் 0 முதல் 70 வரை காட்டும் பாமே மீட்டரையோ எடுத்துக் கொடுப்பார்கள். எல்லாத் திரவத்துக்கும் ஆகும் என்ற பரிந்துரையும் கூடவே வரும். ஆனால் அவற்றில் கோடுகள் நெருக்கமாகவும் ஒவ்வொரு கோட்டின் மதிப்பும் பெரியதாகவும் இருப்பதால், ஒரு கோடு தவறிப் படித்தாலே லிட்டருக்குப் பத்துப் பதினைந்து கிராம் உப்பு கணக்கில் தவறிவிடும். எங்களுக்கு ஏற்றது 1.000 முதல் 1.100 வரை மட்டும் அளப்பதும், 0.001 இடைவெளியில் கோடு போட்டதுமான மெல்லிய தண்டுள்ள ஹைட்ரோமீட்டர். இதில் ஒரு கோடு என்பது லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் உப்பு. சாயத்தொட்டிக்கு இந்த நுணுக்கம் போதும். லிட்டருக்கு 150 கிராமுக்கு மேல் போகும் பிரைன் வந்தால் 1.100 முதல் 1.200 வரையிலான இன்னொன்று வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த பையன் இதை முதன்முதலில் குழாய்த் தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டு, "மீட்டர் வேலை செய்யலீங்க, கோடெல்லாம் முழுகிப்போச்சுங்க" என்று வந்து நின்றான். மீட்டரில் பழுதில்லை. இந்த வகை மீட்டர் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசுக்கு அளவிடப்பட்டிருக்கும், அந்த வெப்பநிலை தண்டின் தாளிலேயே அச்சாகியிருக்கும். எங்கள் ஊரில் தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும்போது அதன் அடர்த்தி 0.996 தான், ஆகவே 1.000 என்ற மேல்கோடு தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. புத்தகத்தில் உள்ள 20 டிகிரி அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் சொந்தமாக வரைபடம் போட்டுக்கொள்ள வேண்டியதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

வரைபடத்துக்கான கரைசல்களை நாங்கள் தயாரிக்கும் முறை இதுதான். உப்பை ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, மூடிய பாத்திரத்தில் ஆற வைத்து, 50, 75, 100, 125, 150 கிராம் எனத் தனித்தனியாக நிறுத்துக்கொள்கிறோம். ஒவ்வொன்றையும் முதலில் முக்கால் லிட்டர் அளவு ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, ஒரு லிட்டர் குடுவையில் ஊற்றி, 30 டிகிரிக்கு வந்த பிறகே கழுத்துக் கோடு வரை தண்ணீர் சேர்க்கிறோம். ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து வைத்து அதில் 100 கிராம் உப்பைப் போடுவது வேறு வேலை. அப்போது கரைசலின் கனஅளவு ஒரு லிட்டரைத் தாண்டிவிடுவதால், கிடைப்பது லிட்டருக்கு 97 கிராம் அளவிலான கரைசலே.

30 டிகிரியில் எங்கள் மீட்டர் இந்த ஐந்து கரைசல்களுக்கும் முறையே 1.030, 1.0465, 1.0625, 1.078, 1.094 என்று காட்டுகிறது. கிடை அச்சில் லிட்டருக்கு இத்தனை கிராம் என்ற செறிவையும், செங்குத்து அச்சில் மீட்டர் அளவையும் வைத்து மில்லிமீட்டர் வரைபடத் தாளில் புள்ளிகளைக் குறித்தால் அவை நேர்கோட்டில் இருப்பதுபோல்தான் முதல் பார்வைக்குத் தெரியும். ஆனால் உண்மையில் கோடு மேலே போகப்போக மிக லேசாகச் சாய்கிறது. வெறும் தண்ணீரையும் 150 கிராம் கரைசலையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்கேல் வைத்து இழுத்துவிட்டால், நாம் அதிகம் பயன்படுத்தும் நடுப்பகுதியில் உண்மைச் செறிவைவிட லிட்டருக்கு இரண்டு கிராமுக்கும் மேலாகக் கூடுதலாகப் படிக்க நேரும். ஐந்து புள்ளிகள் தேவைப்படுவது இதனால்தான். அவற்றின் வழியே கையால் வளைகோடு வரைவதே சரி. கோட்டைக் கடைசிப் புள்ளிக்கு அப்பால் நீட்டக் கூடாது.

இதை வைத்து ஒரு லோடை அளந்த கணக்கைச் சொல்கிறேன். 300 கிலோ துணி, ஒரு கிலோவுக்கு ஆறு லிட்டர் என்ற விகிதத்தில் தொட்டியில் 1800 லிட்டர், செய்முறைக் குறிப்பில் உப்பு 60 ஜிபிஎல், அதாவது லிட்டருக்கு 60 கிராம். ஆகத் தேவையான உப்பு 108 கிலோ. பிரைன் மாதிரியை 30 டிகிரிக்கு ஆறவைத்து அளந்தபோது மீட்டர் 1.056 காட்டியது. வரைபடத்தில் அந்த உயரத்திலிருந்து குறுக்கே சென்று, கோட்டைத் தொட்ட இடத்திலிருந்து கீழே இறங்கினால் 90 கிராம். 108 கிலோ உப்புக்கு 1200 லிட்டர் பிரைனும், நிரப்புவதற்கு 600 லிட்டர் சாதாரணத் தண்ணீரும் வேண்டும்.

இதே மாதிரியை ஆறவிடாமல், தொட்டியிலிருந்து வந்த 40 டிகிரிச் சூட்டிலேயே அளந்தால் மீட்டர் 1.052 அளவில் நிற்கும். வரைபடம் அதற்கு 84 கிராம் என்று சொல்லும், நாமும் 1285 லிட்டர் பிரைனை ஏற்றுவோம். உண்மையில் அதில் 90 கிராம் இருப்பதால் தொட்டியில் உப்பு 64 ஜிபிஎல் ஆகிவிடும். ஒரே நிறத்தை அடுத்தடுத்த லாட்டுகளில் ஒட்டவைக்கப் போராடும் இடத்தில் இது சிறிய வேறுபாடு அல்ல. ஒரு டிகிரிக்கு லிட்டருக்கு அரை கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகப் பிழை வரும் என்று மனதில் வைத்துக்கொண்டால், தெர்மாமீட்டர் இல்லாமல் ஹைட்ரோமீட்டரைத் தொட மனம் வராது. புத்தக அட்டவணையில் இன்னொரு பொறியும் உண்டு. அது பெரும்பாலும் எடைச் சதவீதத்தில், அதாவது 100 கிராம் கரைசலில் இத்தனை கிராம் உப்பு என்று இருக்கும். இந்தப் பிரைன் எடைச் சதவீதத்தில் 8.5. அதைப் பத்தால் பெருக்கி 85 ஜிபிஎல் என்று எழுதினால் ஐந்து கிராம் காணாமல் போய்விடும்.

படிக்கும் முறையில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. மீட்டரின் குமிழைவிட நன்கு அகலமான ஜாடியை எடுத்து, அதை மாதிரித் தண்ணீராலேயே ஒருமுறை அலசிவிட்டு ஊற்ற வேண்டும். மீட்டரைத் தண்டின் உச்சியில் மட்டும் பிடித்து மெதுவாக இறக்கி, லேசாகச் சுழற்றி விட்டால் குமிழில் ஒட்டிய காற்றுக் குமிழ்கள் கழன்றுவிடும். அவை ஒட்டிக்கொண்டிருந்தால் மீட்டர் மிதந்து கூடுதலாகக் காட்டும். மாறாக, முந்தைய நாளின் உப்பு தண்டில் வெள்ளையாகக் காய்ந்து படிந்திருந்தால், அந்த எடையால் மீட்டர் ஆழமாக அமிழ்ந்து குறைவாகக் காட்டும். கையின் எண்ணெய்ப்பசை தண்டில் பட்டாலும் தண்ணீர் அதில் சீராக ஏறி ஒட்டாது. தண்டைச் சுற்றித் தண்ணீர் விளிம்பு ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் தெரிந்தால் அதுதான் அடையாளம். சோப்பால் கழுவித் துடைத்துவிட்டு மீண்டும் விட வேண்டும்.

தெளிந்த கரைசலில் தண்ணீர்ப் பரப்பின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து படிப்பது எளிது. மீட்ட பிரைனோ பல நேரம் கட்டன் டீ நிறத்தில் வரும், பரப்புக்குக் கீழே உள்ள கோடு தெரியாது. அப்போது தண்டில் ஏறி நிற்கும் விளிம்பின் மேல்முனையைத்தான் படிக்க முடியும், அது மெய்யான மட்டத்தைவிடச் சற்றுக் குறைவான எண்ணைத் தரும். தெளிந்த கரைசல் ஒன்றில் இரண்டு இடத்திலும் படித்து வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, நிறமுள்ள லோடுகளுக்கு அதைக் கூட்டிக்கொள்கிறோம்.

உழைப்பு விஷயத்தில் இந்தக் கருவியைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. கீழே விழுந்தால் உடையும், அதைத் தவிர ஒரே ஒரு மறைமுகமான பழுதைத்தான் பார்த்திருக்கிறேன். தண்டுக்குள் ஒட்டியிருக்கும் அளவுத் தாள் பசை விட்டு நழுவி இறங்குவது அது. வெளிப் பார்வைக்கு எதுவும் தெரியாது. இதற்காகத்தான் 100 கிராம் கரைசல் ஒன்றை இறுக மூடி வைத்திருந்து மாதத்துக்கு ஒருமுறை அளக்கிறோம். 1.0625 என்ற எண் நகர்ந்திருந்தால் தாள் நழுவியிருக்க வேண்டும், அல்லது மூடி தளர்ந்து தண்ணீர் ஆவியாகியிருக்க வேண்டும். புதுக் கரைசல் தயாரித்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

கவுந்தப்பாடிப் பக்கம் நாட்டுச் சர்க்கரை காய்ச்சும் உறவினர் ஒருவர் எங்கள் வரைபடத்தின் நகலைக் கேட்டார். கொடுத்துப் பயனில்லை என்றேன். 20 டிகிரியில் லிட்டருக்கு 100 கிராம் உப்புக் கரைசலின் அடர்த்தி 1.066 என்றால், அதே அளவு சர்க்கரைக் கரைசலின் அடர்த்தி 1.037 தான். அவருக்கு வேண்டியது சர்க்கரைச் சதவீதத்தைத் தண்டிலேயே குறித்து வைத்திருக்கும் பிரிக்ஸ் மீட்டர். அதிலும் கரும்புச் சாற்றில் உள்ள மற்ற கரைபொருள்கள் சர்க்கரையோடு சேர்ந்தே எண்ணப்படும்.

எங்கள் தொழிலில் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது, இந்தக் கருவியின் உண்மையான எல்லையும் அதுதான். சில பட்டறைகள் சாதாரண உப்பையும் சில கிளாபர் சால்ட் எனும் சோடியம் சல்பேட்டையும் பயன்படுத்துவதால், மீட்ட பிரைனில் இரண்டும் கலந்திருக்கலாம். லிட்டருக்கு 50 கிராம் நீரற்ற கிளாபர் சால்ட் கரைந்த தண்ணீரில் மீட்டர் சுமார் 1.039 காட்டும். உப்பு வரைபடத்தில் அதைப் படித்தால் 63, 64 கிராம் என்று வரும். கரைந்திருப்பது எந்த உப்பு என்று அடர்த்தி சொல்லாது. சாயத்தொட்டியில் சோடா சேர்த்த பிறகு அளந்தாலும் இப்படித்தான் சோடாவும் உப்பாகக் கணக்கில் ஏறும், ஆகவே சோடாவுக்கு முன்பே அளந்துவிட வேண்டும். கலப்பு பிரைனுக்கு நாங்கள் செய்வது, சில்வர் நைட்ரேட் டைட்ரேஷனில் குளோரைடைத் தனியாக அளந்து, அந்த நிலையத்தின் பிரைனையே தண்ணீர் சேர்த்து நான்கைந்து செறிவுகளில் நீர்க்கவைத்துத் தனி வரைபடம் போடுவது. கலப்பு விகிதம் மாறாத வரை அந்த வரைபடம் செல்லும். டைட்ரேஷன் அளவும் வரைபடம் சொல்லும் அளவும் மூன்று நான்கு கிராமுக்கு மேல் விலக ஆரம்பித்தால், பழைய தாளை எடுத்துவிட்டுப் புதிய பிரைனில் முதலிலிருந்து தொடங்குகிறோம்.