வாழைக்கு ஈரம் பார்க்க எந்த சென்சார்? ரெசிஸ்டிவ், கெப்பாசிட்டிவ் இரண்டையும் ஒரே மண்ணில் குத்திப் பார்த்தேன்

குலசேகரம் பக்கத்து விளையில் ஏத்தன் வாழைக்குச் சொட்டுநீர் விட, முதலில் நான் வாங்கியது இரண்டு கால் கொண்ட ரெசிஸ்டிவ் சென்சார். மூன்றாவது வாரமே அது "மண் வறண்டிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. வெளியே சாரல். பிடுங்கிப் பார்த்தால் ஒரு கால் பச்சை பூத்து, செம்புத் தடம் பாதி காணாமல் போயிருந்தது. மற்றக் கால் ஏறக்குறைய புதிது மாதிரி.

ஒரு கால் மட்டும் போனதற்குக் காரணம் உண்டு. இந்த சென்சார் இரண்டு கால்களுக்கிடையே மண் வழியாக மின்சாரத்தை ஓடவிட்டு, மண்ணின் மின்தடையை அளக்கிறது. எப்போதும் ஒரே திசையில் ஓடினால் அது மின்னாற்பகுப்பு. பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்து மண்ணுக்குள் போய்விடும். மேலே உள்ள முலாம் மெல்லியது, நம் செம்மண் சரளையில் குத்தும்போதே கீறிவிடும். கால் தேயத்தேயத் தடை கூடும். சென்சாருக்கு அது வறட்சி. தண்ணீர் விட்ட பிறகும் எண் அசையவில்லை என்றால் முதலில் காலைப் பாருங்கள்.

இதைத் தள்ளிப்போட வழி உண்டு. சென்சாருக்கு நிரந்தரமாக மின்சாரம் கொடுக்காமல், அளக்கும்போது மட்டும் அர்டுயினோவின் ஒரு பின்னிலிருந்து கொடுத்தால் போதும்:

```
pinMode(7, OUTPUT);
digitalWrite(7, HIGH);
delay(100);
int v = analogRead(A0);
digitalWrite(7, LOW);
```

மணிக்கு ஒரு முறை இப்படி அளந்தால், மின்சாரம் ஓடும் நேரம் ஏறக்குறைய 36,000-ல் ஒரு பங்காகக் குறையும். தேய்மானம் தள்ளிப்போகும், நிற்காது.

கெப்பாசிட்டிவ் சென்சாரில் செம்பு மண்ணைத் தொடுவதே இல்லை. பூச்சுக்குள் இருக்கும் தகடு, தன்னைச் சுற்றிச் சில மில்லிமீட்டருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை மின்தேக்கு அளவாகப் பார்க்கிறது. அதனால் கரையாது. ஆனால் வெட்டிய விளிம்பில் பூச்சு கிடையாது. பலகை அந்த வழியாக ஈரத்தை உறிஞ்சும். விளிம்பில் நகப்பூச்சு மூன்று கோட், மேலே உள்ள சர்க்யூட்டுக்குப் பசை வைத்த சுருங்கு குழாய், இரண்டும் அளவீடு சரிபார்ப்பதற்கு முன்பே போட வேண்டும். பூச்சு, சென்சார் காட்டும் எண்ணை மாற்றும். ஈரம் ஏறிவிட்டதா என்று அறிய, துடைத்துக் காயவைத்துக் காற்றில் பிடித்துப் பாருங்கள். என்னுடையது புதிதில் 590 காட்டியது. அது கீழே இறங்கினால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. கல்லில் முட்டி இடைவெளி விழுந்தாலும் பொய் வறட்சி காட்டும். ஒரு விரல் தள்ளிக் குத்தினால் தெரிந்துவிடும்.

சரி, அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? தராசுதான் பதில் சொல்லும். விளை மண்ணைச் சலித்து, ஓவனில் 105 டிகிரி வாக்கில் எடை இனிக் குறையாது என்ற நிலை வரை உலர்த்தினேன். 2 கிலோ எடுத்து, பாத்திரத்தில் 1600 மில்லி கோடு வரை அழுத்தினேன். 160 மில்லி தண்ணீர் விட்டால் கன அளவில் 10 சதவீத ஈரம். ஒவ்வொரு முறையும் மண்ணைக் கொட்டி, கலந்து, அதே கோட்டுக்கே திரும்ப அழுத்த வேண்டும். இறுக்கம் மாறினால் கணக்கே தவறும். அர்டுயினோ யூனோவில் கிடைத்தவை: உலர்ந்த மண்ணில் 540, 10 சதவீதத்தில் 470, 20-ல் 395, 30-ல் 350, 40-ல் 330. எண் குறைந்தால் ஈரம் கூடுதல். நனைந்த பக்கம் கோடு படுத்துவிடுகிறது பாருங்கள். 30-க்கு மேல் இதை நம்பி ஒன்றும் தீர்மானிக்க முடியாது. காற்று, தண்ணீர் என்று இரண்டே புள்ளி வைத்து நேர்கோடு போட்டிருந்தால் இது தெரிந்திருக்காது.

அப்புறம் உரச் சோதனை. 20 சதவீதத்துக்கான அதே 320 மில்லியில் ஒரு தேக்கரண்டி பொட்டாஷ் கரைத்து, இன்னொரு பங்கு மண்ணில் கலந்தேன். கெப்பாசிட்டிவ் 395-லிருந்து 383. புது ரெசிஸ்டிவ் 520-லிருந்து 390! ஈரம் கூடவே இல்லை, உப்புதான் கூடியது. வாழைக்குப் பொட்டாஷ் வைக்கிற நாளில் ரெசிஸ்டிவை நம்பினால் தண்ணீர் தேவைப்படும் மரம் காயும். எனக்கு அரிப்பைவிடப் பெரிய குறை இதுதான்.

கடைசியாக விளையிலேயே சரிபார்த்தேன். சென்சார் 385 காட்டிய இடத்துக்குப் பக்கத்தில், அதே ஆழத்தில், 200 மில்லி எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து இறக்கி மண் எடுத்தேன். ஈரமாக 300 கிராம், உலர்ந்து 250. போன 50 கிராம் தண்ணீரை 200-ஆல் வகுத்தால் 25 சதவீதம்; என் அட்டவணைப்படி 22. இந்த விலைக்கு மூன்று சதவீதப் பிசகு எனக்குப் போதும்.

பக்கத்து விளை மாமா வந்து பார்த்துவிட்டு, "மக்கா, அந்த நம்பரை எனக்கும் தா, நானும் போட்டுக்கிடுதேன்" என்றார். அவருடையது தேங்காய்நார்த் தூள் கலந்த பை மண். என் 395 அங்கே செல்லாது. தராசையும் டம்ளரையும் கொடுத்தனுப்பினேன்.