மில் ஸ்டோர்ஸில் ஏ-பி-சி பிரிவு: நான்கு வருட அனுபவம்

திண்டுக்கல் பக்கம் 12,000 கதிர் ஓடும் நூற்பு மில் ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். பேப்பர் கோனில் இருந்து வாஷர் வரை 2,600 ஐட்டம். நான்கு வருடமாக அவற்றை, பணம் அதிகம் போவது ஏ, நடுத்தரம் பி, குறைவு சி என்று பிரித்து வைத்துத்தான் கொள்முதல் செய்கிறோம்.

முதல் தடவை கணக்கையே தப்பாகப் போட்டேன். அலமாரியில் இருக்கும் சரக்கின் மதிப்பை வைத்து வரிசைப்படுத்திவிட்டேன். 85,000 ரூபாய் மோட்டார் மேலே வந்து நின்றது. மூன்று வருடமாக அதை யாரும் கேட்டதே இல்லை. 4.50 ரூபாய் கோன் எங்கோ நடுவில் கிடந்தது. பார்க்க வேண்டியது இருப்பு மதிப்பை அல்ல, வருடத்தில் எத்தனை இஷ்யூ ஆகிறது, அதை விலையால் பெருக்கினால் எவ்வளவு என்பதை. அப்படிப் போட்டதும் படமே மாறியது. கோன் வருடத்துக்கு 8 லட்சம் போகிறது, அதாவது 36 லட்சம் ரூபாய். எங்கள் மொத்த நுகர்வு 1.2 கோடி. ஒரே ஐட்டம் 30 சதவீதம்! அடுத்து அட்டைப்பெட்டி, 15 லட்சம். இரண்டும் சேர்ந்து 42.5 சதவீதம்.

எக்செல்லில் C-யில் வருட இஷ்யூ, D-யில் விலை. E-யைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிய பிறகே F, G போட வேண்டும்.

```
E2: =C2*D2
F2: =SUM(E$2:E2)/SUM(E$2:E$2601)
G2: =IF(F2<=0.8,"A",IF(F2<=0.95,"B","C"))
```

80 சதவீத மதிப்பு 20 சதவீத ஐட்டத்தில் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்களுக்கு 80 சதவீத மதிப்பு 140 ஐட்டத்திலேயே முடிந்துவிட்டது, அது எண்ணிக்கையில் 6 சதவீதம்கூட இல்லை. 20 வந்தே தீர வேண்டும் என்று கோட்டை இழுத்திருந்தால் வாராவாரம் 520 ஐட்டத்தை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அடுக்குவதற்கு முன் ஐட்டம் மாஸ்டரைச் சுத்தம் செய்துவிடுங்கள். 6203 பேரிங் எங்களிடம் மூன்று கோடில் இருந்தது, ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு பெயரில் ஏற்றியது. தனித்தனியாக மூன்றும் சி. சேர்த்தால் பி. கார்டிங் வயர் வேறு மாதிரி ஏமாற்றியது. மாற்றும் வருடம் அது ஏ, மறு வருடம் இஷ்யூவே இல்லாமல் சி. இப்படி விட்டுவிட்டு வரும் ஐட்டங்களுக்கு மட்டும் மூன்று வருட இஷ்யூவைக் கூட்டி மூன்றால் வகுக்கிறேன்.

பலன் கிடைத்தது ஏ பிரிவில்தான். கோனை மாதத்துக்கு ஒரு லோடாக, 3 லட்சத்துக்கு இறக்கி வந்தோம். இப்போது பத்து நாளைக்கு ஒரு லட்சம். மழைக்காலத்தில் ஈரம் ஏறி வாய் நெளிந்த கோன்களை ஒதுக்கும் வேலையும் குறைந்தது. சி ஐட்டங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கி, இரண்டு டப்பாவில் வைக்கிறோம். முதல் டப்பா காலியானால் இண்டென்ட்.

எனக்குப் பெரிய அடி விழுந்தது அந்த சி-யில்தான். கம்ப்ரஸர் கப்ளிங் ரப்பர். 1,800 ரூபாய், வருடத்துக்கு ஒன்று போகும், அடுக்கில் கடைசிப் பக்கம். இரண்டாம் வருடம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அது கிழிந்தது. ஸ்டாண்ட்பை கம்ப்ரஸர் பழுதுக்குப் பிரித்துக் கிடந்தது. ஃபிட்டர் ஓடி வந்து, “அண்ணே, கப்ளிங் ரப்பர் ஒண்ணு குடுங்க” என்றார். பெட்டியில் இருந்தது பழைய மாடல் அளவு. காற்று இல்லாவிட்டால், நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனரில் நூல் இணைக்க முடியாது. ஆட்டோகோனர் நின்றதும், ரிங் ஃப்ரேமில் நூல் சுற்றி வந்த பாபின், அதாவது காப், தேங்கியது. காலி பாபின் திரும்பி வராததால் விடிவதற்குள் ரிங் ஃப்ரேமும் ஒவ்வொன்றாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கவைத்து வாங்கி வரும்போது மதியம்.

ஏ-பி-சி சொல்வது பணம் எங்கே போகிறது என்பதை மட்டும். எது இல்லாவிட்டால் மெஷின் நிற்கும் என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வி-இ-டி என்ற தனிப் பிரிவு இருக்கிறது: உயிர்நாடி, அவசியம், இருந்தால் நல்லது. இதை ஸ்டோர்ஸில் உட்கார்ந்து நானே முடிவு செய்யவில்லை. மெயின்டனன்ஸ் மேஸ்திரியோடு இரண்டு நாள் மெஷின் மெஷினாக நடந்து, “இது இப்போ உடைஞ்சா எவ்வளவு நேரம் நிக்கும்?” என்று கேட்டு எழுதினேன். சி ஆகவும் உயிர்நாடியாகவும் இருப்பவை 63 தேறின. எல்லாவற்றையும் ஒவ்வொன்று வாங்கி வைக்க ஒன்றரை லட்சம்கூட ஆகவில்லை.

அந்த 63-க்கும் சிவப்பு அட்டை தொங்குகிறது. அட்டையில் மாடல் நம்பர் எழுதி, மேஸ்திரி கையெழுத்துப் போடுகிறார். இஷ்யூ ஆன அன்றே ஆர்டர் போய்விட வேண்டும், ஆறு மாதக் கணக்கு அதற்குக் கிடையாது. ஏப்ரலில் முழு அடுக்கையும் திரும்பப் போடும்போது மோட்டாரும் கார்டிங் வயரும் இடம் மாறலாம். சிவப்பு அட்டையை மேஸ்திரி சொல்லாமல் நான் கழற்றுவதில்லை.