நான்கு வரி மின்னஞ்சலா, ஒரு பக்கக் கடிதமா: பிரெஞ்சில் விலைப்புள்ளி கேட்ட அனுபவம்

பிரான்சில் பழச்சாறும் ஜாமும் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஜாம் போத்தல்களை அடுக்கி அனுப்ப 3,000 நெளிவு அட்டைப் பெட்டிகள் தேவைப்பட்டபோது மூன்று வழங்குநர்களிடம் விலைப்புள்ளி, அதாவது பிரெஞ்சில் சொல்லும் 'தெவி', கேட்டோம். முதல் முறை நான்கு வரி மின்னஞ்சலாகக் கேட்டேன். அது கைகொடுக்காததால் அதே மூவரிடமும் ஒரு பக்கக் கடிதமாக மறுபடியும் கேட்டேன். ஒரே பொருளுக்கு இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்த பிறகு, நான் முழுமையாகக் கடிதத்தின் பக்கம் நிற்கிறேன்.

நான்கு வரி மின்னஞ்சலின் நன்மைகளை அதிகம் விளக்க வேண்டியதில்லை. எழுத ஐந்து நிமிடம் போதும், பெறுபவர் கைப்பேசியிலேயே படித்துவிடுவார், 'கோர்தியால்மான்' என்று ஒரு சொல்லில் முடிக்கலாம். கடிதத்துக்கு 'மதாம், மெஸ்யூ' என்ற விளியும் முடிவில் நீண்ட மரியாதை வாக்கியமும் வேண்டும். இவை வழக்கப்படி இருந்தால் போதும், விலையை மாற்றுவதில்லை.

விலையை மாற்றுவது வேறொன்று: வரும் பதில்கள் மூன்றும் ஒரே பொருளைப் பற்றியவையா என்பது. என் முதல் மின்னஞ்சலில் பெட்டியின் அளவு 325 × 245 × 110 மில்லிமீட்டர் என்றும், எண்ணிக்கை 3,000 என்றும், ஒரு நிற அச்சு வேண்டும் என்றும், 'உங்களுடைய சிறந்த விலையைச் சொல்லுங்கள்' என்றும்தான் இருந்தது. முதல் வழங்குநர் பெட்டி ஒன்றுக்கு 0.62 யூரோ என்றார். எங்கள் கிடங்கு வரை கொண்டுவந்து தரும் செலவும் அச்சுத் தகட்டின் செலவும் அதற்குள் அடக்கம். இரண்டாமவர் 0.54 யூரோ என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, அடியில் சிறிய எழுத்தில் இருந்த 'தெபார் உசின்' என்ற சொற்றொடரைப் பிறகுதான் கவனித்தேன். விலை அவர்களுடைய தொழிற்சாலை வாசல் வரைக்கும்தான் என்று அதற்குப் பொருள். போக்குவரத்துக்கு 190, அச்சுத் தகட்டுக்கு 150 யூரோவைச் சேர்த்தால் 1,620 என்பது 1,960 ஆகிறது. முதலாமவரின் மொத்தமோ 1,860 தான். மூன்றாமவர் எல்லாம் உட்பட 0.58, அதாவது 1,740 யூரோ கேட்டார். இந்த விலைகள் எல்லாமே வரிக்கு முந்தையவை, 'ஓர் தாக்ஸ்'. நிறுவனங்களுக்கிடையே அப்படிச் சொல்வதுதான் வழக்கம், 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி அதற்கு மேல் வரும்.

மூன்றாமவரே மலிவு என்று முடிவுசெய்து மாதிரிப் பெட்டி ஒன்றை வரவழைத்தோம். போத்தலின் உயரம் 105 மில்லிமீட்டர். பெட்டிக்குள் வைத்தால் மேல்மடிப்பு மூடவில்லை. அவர் என் அளவை வெளியளவாக எடுத்துக்கொண்டிருந்தார். சாதாரண மடிப்புப் பெட்டியில், அங்கே 'கேஸ் அமெரிக்கேன்' என்று சொல்லும் வகையில், நீளத்திலும் அகலத்திலும் அட்டையின் தடிமன் இருமுறை குறையும். உயரத்திலோ மேலும் கீழும் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் நான்கு முறை குறையும். அட்டையின் தடிமன் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் என்பதால் 110 என்பது உள்ளே 98 ஆகிவிட்டது. அவர்மீது பிழை சொல்ல முடியாது. உள்ளளவு என்ற ஒரு சொல்லை நான் எழுதவில்லை.

இரண்டாவது முறை அனுப்பிய கடிதத்தில் மரியாதை வரிகளுக்கு நடுவே ஒரு சிறு அட்டவணை இருந்தது. அளவுகள் உள்ளளவு என்றும், நீளம், அகலம், உயரம் என்ற வரிசையில் தரப்பட்டவை என்றும் முதல் வரி சொன்னது. அடுத்து, பெட்டிக்குள் 12 போத்தல்கள் நான்குக்கு மூன்றாக நிற்கும், இடையே குறுக்குத் தடுப்பு இருக்கும், மொத்த எடை ஏறக்குறைய 7 கிலோ, ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்கு வைப்போம் என்று பயன்பாட்டைச் சொன்னேன். அட்டையின் தரத்தை நானே நிர்ணயிக்காமல், இந்தச் சுமையைத் தாங்கும் அட்டை எது என்று அவர்களையே குறிப்பிடச் சொன்னேன். எண்ணிக்கைக்கு 3,000, 5,000 என இரண்டு கட்டங்கள் வைத்து ஒவ்வொன்றுக்கும் தனி விலை கேட்டேன். அச்சுத் தகடு, போக்குவரத்து, அலகு விலை ஆகிய மூன்றையும் தனித்தனி வரியில் தர வேண்டும் என்றும், மாற்று யோசனை இருந்தால் அதை வேறாக எழுதலாம் என்றும் சேர்த்தேன். அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால், கெட்டியான கடிதம் வழங்குநரின் அறிவுக்குக் கதவை அடைத்துவிடும்.

கெடு விஷயத்திலும் இரண்டு முறைக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. 'தெலே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் தாமதம் என்று பொருள்கொள்வது ஆங்கிலம் வழியாக வருபவர்கள் செய்யும் பிழை. ஒரு வேலைக்குக் குறித்த கால அளவு என்பதுதான் அதன் பொருள். மின்னஞ்சலில் நான் கூடிய விரைவில் என்று மட்டும் கேட்டிருந்தேன். பதில்கள் 3-ஆம், 9-ஆம், 19-ஆம் நாட்களில் வந்தன. முதலாமவரின் விலை 15 நாள் செல்லும் என்று அவர் எழுதியிருந்ததால், மூன்றாமவரின் பதில் வந்தபோது அது ஏற்கெனவே காலாவதியாகியிருந்தது. பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 1117-ஆம் பிரிவின்படி, முன்மொழிவைத் தருபவர் குறித்த காலம் முடிந்தால் அந்த முன்மொழிவும் முடிந்துவிடும். காலம் குறிக்கப்படாவிட்டால் நியாயமான காலம் என்ற தெளிவற்ற அளவுகோல் வரும். ஆகவே கடிதத்தில் மூன்று தேதிகளைப் பிரித்து எழுதினேன்: பதில் வந்து சேர வேண்டிய வெள்ளிக்கிழமை நண்பகல் 12 மணி, விலை குறைந்தது 30 நாள் செல்ல வேண்டும் என்ற கோரிக்கை, பெட்டிகள் வந்து சேர வேண்டிய வாரம். எட்டு நாளுக்குள் என்ற பொருளில் 'சூ ஊயித்தேன்' என்று எழுதும் வழக்கமும் உண்டு, ஆனால் அந்த எட்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற கேள்வி எழுவதால் நான் தேதியையே எழுதுகிறேன்.

இந்த முறை மூவரும் வியாழக்கிழமைக்குள் பதில் தந்தார்கள். முதலாமவர் 1,860-இல் மாறவில்லை. இரண்டாமவர் 1,920 என்றார். மூன்றாமவர் பெட்டி சற்றுப் பெரிதானதால் 0.60-க்கு உயர்த்தி 1,800 என்றார். அவரிடமே வாங்கினோம். அதாவது மின்னஞ்சல் தவறான வழங்குநரைக் காட்டவில்லை. மூடாத பெட்டியை வாங்கவைத்திருக்கும்.

மின்னஞ்சலுக்கும் ஓரிடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். முன்பே வாங்கிய அதே பெட்டியை மறுபடி கேட்கும்போது, பழைய தெவியின் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதுவதே போதும். ஓரிரு பேர் மட்டும் நடத்தும் சிறிய பட்டறைக்கு நீண்ட அட்டவணையை அனுப்பினால் பதிலே வராமல் போகலாம். எங்கள் மர அலமாரிக்கு அப்படித்தான் ஆனது, பிறகு தொலைபேசியில் பேசி முடித்தேன். இயந்திரங்களுக்கு நான் விலைப்புள்ளி கேட்டதில்லை. அங்கே நிறுவுதல், பயிற்சி, உதிரிப் பாகம் என்று அட்டவணை வேறு விதமாக நீளும் என்பதால், என் ஒரு பக்கம் போதுமா என்று சொல்லமாட்டேன். பொதுத்துறை ஏலக் கொள்முதலுக்கு வேறு விதிகள் உள்ளன, அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

இப்போது என் வரைவுக் கோப்பில் அட்டவணையின் முதல் வரியாக உள்ளளவு என்ற சொல் தடித்த எழுத்தில் நிலையாக இருக்கிறது. ஒப்புக்கொள்ளும் தெவியில் 'பொன் பூர் அக்கோர்' என்று எழுதிக் கையொப்பமிடுவதற்கு முன் அந்த வரியை மட்டும் மாதிரிப் பெட்டியின் உள்ளே அளவுநாடாவை வைத்துச் சரிபார்த்துவிடுகிறேன்.