கடைமீது நுகர்வோர் புகாரில் யார் பெயர்: கடைப் பலகையா, பதிவுப் பெயரா?

உழைப்பு: பலகைப் பெயரும் கிளை முகவரியும் உடனே கிடைக்கும். பதிவுப் பெயருக்குப் பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை gst.gov.in தளத்தில் தேட வேண்டும், அவ்வளவுதான். அந்த எண்ணில் இடமிருந்து ஆறாவது இடத்தில் உள்ள எழுத்தையும் பாருங்கள்: C என்றால் கம்பெனி, P என்றால் தனிநபர்.

நோட்டீஸ்: கிளை காலியானால் தபால் திரும்பி வரும். கம்பெனியின் பதிவு அலுவலகம் mca.gov.in-இல் இருக்கும்.

தீர்ப்பு: பலகைப் பெயருக்கு எதிரான உத்தரவை வைத்துப் பணம் வசூலிப்பது பெரும்பாடு. "அப்படியொரு நிறுவனமே இல்லை" என்பார்கள்.

கடையில் பேசித் தீர்க்கப் பலகைப் பெயர் போதும். நுகர்வோர் ஆணையத்துக்கு என்றால் பதிவுப் பெயர்தான். கம்பெனியானால் பதிவு அலுவலகத்தோடு கிளை முகவரியையும் சேருங்கள். P வந்தால் "இன்னார், இந்தக் கடையின் உரிமையாளர்" என்று எழுதுங்கள்.