மாத்திரை அட்டை அசலா? கண்ணா, க்யூஆர் கோடா, கம்பெனிக்கு ஒரு போனா

மதுரை பெரியாஸ்பத்திரிக்கு எதிரே பனகல் சாலையில் மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவன் நான். அட்டையை நீட்டி, "அண்ணே, இது ஒரிஜினல்தானா?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் சந்தேகம் வந்தால் மருந்து வாங்கியவர் தானாகச் செய்து பார்க்கக்கூடியவை மூன்று. அட்டையை உற்றுப் பார்த்துப் படிக்கலாம். க்யூஆர் கோடு இருந்தால் போனில் ஸ்கேன் செய்யலாம். அல்லது பேட்ச் நம்பரை வைத்துக்கொண்டு தயாரித்த கம்பெனியிடமே கேட்கலாம். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒன்றில் மாட்டும் மோசடி இன்னொன்றில் தப்பிவிடும்.

மேலூரிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்த இரண்டு அட்டைகளை வைத்தே சொல்கிறேன். அப்பாவுக்குத் தினமும் போடும் டெல்மிசார்ட்டான் 40 மில்லிகிராம் பிரஷர் மாத்திரை. இரண்டும் ஒரே பிராண்ட், இரண்டிலும் ஒரே தொழிற்சாலை முகவரி. ஒன்று வழக்கமான கடையில் பில்லோடு வாங்கியது. மற்றது தெரிந்த ஒருவர் மூலம், பில் இல்லாமல், நல்ல தள்ளுபடியில் வந்தது. எண்களை மட்டும் இங்கே மாற்றிக்கொள்கிறேன். முதல் அட்டையில் B.No. KT4083, MFG 08/2024, EXP 07/2027. இரண்டாவதில் B.No. KT2061, MFG 06/2024, EXP 05/2027.

முதலில் கண்ணால் பார்ப்பது. அட்டையின் பின்பக்கத் தாளில் மருந்தின் பெயர், கம்பெனி முகவரி எல்லாம் முன்கூட்டியே அச்சாகி, சுருளாகத் தொழிற்சாலைக்கு வந்துவிடும். பேட்ச் நம்பர், இரண்டு தேதிகள், விலை ஆகியவை மட்டும் மாத்திரையை அடைக்கும்போது அங்கேயே குத்தப்படும். இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பேட்ச் வரியின் மை வேறு மாதிரி இருப்பதும், அது கொஞ்சம் சாய்ந்திருப்பதும், சுருளை வெட்டிய இடத்தில் பிராண்ட் பெயர் பாதியில் அறுந்திருப்பதும் அசல் அட்டையிலேயே சாதாரணம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பார்க்க வேண்டியது அந்த வரிக்குள்ளேயே இருக்கும் வேறுபாட்டை. வெளிச்சத்தில் அட்டையைச் சாய்த்துப் பிடித்தால், இரண்டாவது அட்டையில் தேதிகளைச் சுற்றி மட்டும் தாளின் பளபளப்பு மங்கியிருந்தது. பேட்ச் நம்பரைச் சுற்றி அப்படி இல்லை. 2024-இல் கடைசி 4, 2027-இல் கடைசி 7, இரண்டும் மற்ற எண்களைவிட மயிரிழை மேலே ஏறி, கொஞ்சம் தடித்து நின்றன. பழைய எண்ணை ஏதோ திரவம் தொட்டுத் துடைத்துவிட்டுப் புதிதாகக் குத்தினால் இப்படித்தான் இருக்கும். சிலர் வீட்டில் ஸ்பிரிட்டோ சானிடைசரோ தொட்டுத் தேய்த்து, "மை கலைகிறது, அதனால் போலி" என்கிறார்கள். அசல் அட்டையிலும் சில மைகள் ஸ்பிரிட்டுக்குக் கலையும். அது சோதனையே இல்லை, இருக்கிற சாட்சியத்தையும் அழித்துவிடும்.

அப்புறம் கணக்கு. தயாரிப்புத் தேதிக்கும் எக்ஸ்பயரிக்கும் நடுவிலுள்ள காலம் ஒரே பிராண்டில், ஒரே அளவு மாத்திரையில் பேட்சுக்குப் பேட்ச் பெரும்பாலும் மாறாது. முதல் அட்டையில் 2024 ஆகஸ்ட் முதல் 2027 ஜூலை வரை, அதாவது 36 மாதம். மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்து செல்லும் என்பது சட்டப்படியான பொருள். ஆகவே 07/2027 என்றால் ஜூலை 31 வரை. இரண்டாவது அட்டைக்கும் கணக்குப் போட்டால் அதே 36 மாதம்தான் வருகிறது. திருத்தியவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது, இரண்டு தேதிகளையும் சமமாக நகர்த்தியிருக்கிறார். கணக்கு இங்கே கோட்டை விட்டுவிட்டது.

ஆனால் பேட்ச் நம்பரை அவர் தொடவில்லை. நம்பர் போடும் முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அதற்குப் பொதுவிதி எதுவும் கிடையாது. ஒரே பிராண்டின் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல சமயம் ஒரு ஒழுங்கு தெரியும். முதல் அட்டையில் எழுத்துக்குப் பின்னால் வரும் 4 வருடத்தையும், அடுத்த இரண்டு எண்கள் மாதத்தையும் குறிப்பதுபோல் இருந்தன: 4083, 2024 ஆகஸ்ட். அதே ஒழுங்கில் 2061 என்றால் 2022 ஜூன். அட்டையோ 2024 ஜூன் என்கிறது. இது சந்தேகத்துக்குப் போதும், தீர்ப்புக்குப் போதாது. அதே பிராண்ட் வேறு தொழிற்சாலையில் தயாராகி வந்தால் நம்பர் முறையே மாறிவிடும். அதனால் நம்பரையும் முகவரியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இங்கே முகவரி ஒன்றுதான்.

விலையையும் பார்த்தோம். இரண்டாவதில் எம்ஆர்பி குறைவு. இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விலைக் கட்டுப்பாட்டாலும் எம்ஆர்பி இறங்கும், 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானபோதும் இறங்கியது.

இரண்டாவது வழி, க்யூஆர் கோடு. அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு, 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் சரக்கில் பார்கோடோ க்யூஆர் கோடோ இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அட்டையில் இடம் இல்லாவிட்டால் வெளிப்பெட்டியில் போடலாம். மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் நம்பர், இரண்டு தேதிகள், லைசென்ஸ் நம்பர் எல்லாம் அந்தக் கோடுக்குள் இருக்கும். ஸ்கேன் செய்தால் வரும் பேட்ச் நம்பரையும் தேதிகளையும் அட்டையில் அச்சாகியிருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். ஏதோ ஒரு பக்கம் திறக்கிறது, கம்பெனி பெயர் தெரிகிறது என்று அதோடு விட்டுவிடக் கூடாது.

தேதி திருத்தும் மோசடிக்கு இதைவிடச் சிறந்த பொறி கிடையாது. வெளியே இருக்கும் எண்ணைத் துடைத்தாலும் கோடுக்குள் பழைய தேதி அப்படியே இருக்கும். மேலூர்க்காரரின் அட்டையிலோ ஸ்கேன் செய்யவே வழியில்லை. முதல் அட்டையில் கோடு இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. அந்த பிராண்ட் 300-க்குள் இருப்பது. 2024 ஜூனில் உண்மையாகவே தயாராகியிருந்தால் கோடு இருந்திருக்க வேண்டும். 2022-இல் தயாரானது என்றால் இல்லாமல் இருப்பதுதான் இயல்பு. கோடு இல்லாததே இங்கே பெரிய தடயம். பெட்டி இல்லாமல் வெறும் அட்டையாக வந்திருந்தால், பெட்டியில் கோடு இருந்ததா என்ற கேள்வி வரும். அதற்குத்தான் அதே பிராண்டின் இன்னொரு அட்டை கையில் இருப்பது உதவுகிறது.

க்யூஆர் தோற்கும் இடமும் இருக்கிறது. ஒரு பேட்சிலுள்ள எல்லா அட்டைகளுக்கும் பெரும்பாலும் ஒரே கோடுதான். ஒரு நல்ல அட்டையின் கோடைப் படமெடுத்து ஆயிரம் போலி அட்டைகளில் அச்சிட்டால் ஆயிரமும் சரியான பதிலையே சொல்லும். பேட்ச் நம்பர், தேதி, கோடு எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்த போலியை இது பிடிக்காது. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு இந்த வழியே பெரும்பாலும் கிடையாது.

மூன்றாவது, கம்பெனியிடம் கேட்பது. எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான். அட்டையிலோ பெட்டியிலோ வாடிக்கையாளர் எண்ணோ மின்னஞ்சலோ இருக்கும். அட்டையில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாமல் கம்பெனியின் வலைத்தளத்திலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கேட்கிற விதம் முக்கியம். "இந்த பேட்ச் உங்களுடையதா?" என்று மட்டும் கேட்டால் நகலெடுத்த போலிக்கும் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். நம்பரை மட்டும் சொல்லிவிட்டு, தயாரிப்பு மாதம், எக்ஸ்பயரி, எம்ஆர்பி, ஒரு அட்டையில் எத்தனை மாத்திரை ஆகியவற்றை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். KT2061-க்கு வந்த பதில்: தயாரிப்பு 06/2022, எக்ஸ்பயரி 05/2025. எல்லாம் பொருந்திவிட்டது. காலாவதியான அசல் மாத்திரைக்கு இரண்டு வருடம் கூட்டி விற்றிருக்கிறார்கள். அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

முழு நகலாக இருந்தால் கம்பெனியிடம் கடைசியாக ஒன்று கேட்கலாம்: இந்த பேட்ச் எந்த ஸ்டாக்கிஸ்ட்டுக்குப் போனது? வாங்கியவருக்கு அதைச் சொல்லாமலும் போகலாம், மருந்து ஆய்வாளர் கேட்டால் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் பில்தான் பேசும். மருந்துக்கடை பில்லில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரியும் இருக்கும், அதை அட்டையோடு பொருத்திப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அரை அட்டை வாங்கினால் பேட்ச் நம்பர் இருக்கிற துண்டைக் கேட்டு வாங்குங்கள். அது முடியாவிட்டால் முழு அட்டையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் எதிர்முனையிலிருந்து மாத்திரையை எடுத்தால், அட்டை தீரும் வரை நம்பர் கையில் இருக்கும்.

இந்த மூன்று வழிகளும் அட்டையைத்தான் சோதிக்கின்றன, மாத்திரையை அல்ல. லேபிள் எல்லாம் சரியாக இருந்து உள்ளே மருந்து குறைவாக இருக்கிற தரமற்ற மருந்து வேறு ரகம். அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு cdsco.gov.in தளத்தில் மாதாமாதம் தரச்சோதனையில் தோற்ற மருந்துகளின் பட்டியலைப் பேட்ச் நம்பரோடு போடுகிறது. தேடிப் பார்க்கலாம், ஆனால் சோதனைக்குப் போன பேட்ச்கள் மட்டுமே அதில் இருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: சித்திரை வெயிலில் வண்டி டேங்க் கவரில் கிடந்த அட்டையில் மாத்திரை பொடிந்தோ நிறம் மாறியோ இருந்தால் அது போலி என்று அர்த்தமில்லை. சாப்பிடவும் வேண்டாம்.

சந்தேகம் உறுதியானால் அட்டையைத் தூக்கி எறியாதீர்கள், கடையில் கொடுத்து மாற்றவும் வேண்டாம். மிச்ச மாத்திரைகளோடு ஒரு கவரில் போட்டு, பில் இருந்தால் அதையும் சேர்த்து, மதுரையிலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, விலைக்கு வாங்கியவரே கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறவும் முடியும். பிரஷர், சுகர், வலிப்பு மாத்திரைகளில் சந்தேகம் வந்தால் அன்றைய வேளையைத் தவறவிடாமல், பில்லோடு வேறு கடையில் புது அட்டை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். சந்தேக மாத்திரையைச் சில நாளாகச் சாப்பிட்டு வந்திருந்தால், பிரஷரைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டிவிடக்கூடும்.