யானைப் பக்கம் ஒன்று, வாசிக்கும் விதம் மூன்று

பிள்ளைக்கு இரண்டேகால் வயது. தூங்கப்போகும் நேரம், மடியில் படப்புத்தகம். ஆற்றில் ஒரு யானை. கீழே அச்சில்: ‘யானை குளிக்கிறது.’

அதை அப்படியே வாசித்து அடுத்த பக்கம் திருப்பினால் பிள்ளை சீக்கிரம் தூங்கும், ஆனால் அதன் வாய் திறக்காது. “இது என்ன? அது என்ன?” என்று கேட்டால் “ஆனை” என்று பதில் வரும், அதோடு சரி. பெயர் பழகும் ஒன்றரை வயதுக்கு அது போதும். இரண்டு வயது தாண்டியும் அதையே கேட்டால் பரீட்சைதான்.

மூன்றாவது வழி, திறந்த கேள்வி. “ஆனை என்னத்தா பண்ணுது?” கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ண வேண்டும். பெரும்பாலோர் இரண்டிலேயே தாங்களே பதில் சொல்லிவிடுகிறோம். “ஆனை... தண்ணி” என்கிறது பிள்ளை. “ஆமா, ஆனை தண்ணில குளிக்குது.” பிள்ளை சொன்ன இரண்டு சொல்லும் அப்படியே இருக்க, ‘ல’ என்ற வேற்றுமை உருபும் ஒரு வினையும் மட்டும் சேர்ந்திருக்கின்றன. “எங்க, நீ சொல்லு” என்று ஒருமுறை கேட்கலாம், சொல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

இங்கே சறுக்குவது அளவில்தான். “ஆமா, பெரிய ஆனை துதிக்கையால தண்ணிய உறிஞ்சி முதுகுல ஊத்தி...” என்று நீட்டினால் பிள்ளை பக்கத்தைத் திருப்பப் பார்க்கும். அதுதான் அடையாளம். “ஆனை அழுது” என்று தப்பாகச் சொன்னாலும் “இல்ல” வேண்டாம். “மூஞ்சில தண்ணியா இருக்குல்ல? ஆனை குளிக்குது” போதும்.

தமிழில் கூடுதலாக ஒரு சிக்கல்: புத்தகம் ‘குளிக்கிறது’ என்கிறது, வீடு ‘குளிக்குது’ என்கிறது. வாசிப்பது அச்சில் உள்ளபடி இருக்கட்டும். பிள்ளை சொன்னதை விரிப்பது மட்டும் வீட்டுப் பேச்சில், ‘அங்கிட்டு’ ‘இங்கிட்டு’ உட்பட. பிள்ளை நாளைக்கு எடுத்துப் பேசப்போவது அதைத்தான்.

1988இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளரின் குழு, திறந்த கேள்வி கேட்டு விரித்துச் சொல்லும் இந்த முறையை 21 முதல் 35 மாதப் பிள்ளைகளிடம் ஒரு மாதம் சோதித்துப் பார்த்தது. ஒரு தரப்புப் பெற்றோர் இந்த முறையில் வாசித்தார்கள், இன்னொரு தரப்பு வழக்கம்போல. இரு தரப்புப் பெற்றோரும் ஏறக்குறைய ஒரே அளவு வாசித்தார்கள், விதம்தான் வேறு. பேசிக்காட்டும் சோதனைகளில், இந்த முறையில் வாசித்த வீட்டுப் பிள்ளைகள் ஒன்றில் 6 மாதமும் இன்னொன்றில் 8.5 மாதமும் முன்னால் இருந்தார்கள். சுமார் முப்பது நடுத்தரக் குடும்பங்கள்தான், அதனால் அந்த மாதக் கணக்கை அப்படியே நம் வீட்டுக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

இரவில் மட்டும் ஒரு தொல்லை உண்டு. கேள்வி கூடினால் தூக்கம் கலைந்து, “கோயில் ஆனை எங்க?” என்று பிள்ளை எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே எங்கள் தேர்வு கலப்புதான். புதுப் புத்தகம் முதல் இரவு கேள்வியில்லாமல். மறுநாளிலிருந்து முன்பாதியில் மூன்று நான்கு கேள்வி. பின்பாதி விளக்கைக் குறைத்து, நிறுத்தாமல் வாசிப்பு. கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிட்டால் முன்பாதிக் கேள்வியும் வேண்டாம்.